யாருடைய இசைவு?

மாலைத் திருப்பலி முடிந்து நாம் அறைவீட்டிற்குத் திரும்புகையில், வாயிலில் ஒருவர் தயங்கி நிற்பார். உள்ளே அழைத்து அமரவைத்தால், சிறிது நேரம் பேச்சை எங்கோ சுற்றிவிட்டு மெல்லச் சொல்வார்: "சாமி, மோட்டார் திருட்டுப் போயிருச்சு. ஸ்டேஷனுக்குப் போகணும். நீங்க கூட வந்தா நல்லாருக்கும். இல்லன்னா ஒரு லெட்டராவது குடுங்க சாமி." பங்குப் பணியில் இருக்கும் குருக்கள் அனைவரும் அறிந்த காட்சி இது. பொருளை இழந்தவர் அவர்; குற்றம் இழைத்தவர் வேறு யாரோ. எனினும் காவல் நிலையத்தின் வாயிற்படியை மிதிக்க அஞ்சுகிறவர் பொருளை இழந்தவரே.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? காவலர் என்ற சொல்லிலேயே காவல் இருக்க, காக்கப்பட வேண்டியவர் ஏன் ஒதுங்குகிறார்? இது காவலர் சிலருடைய குணக்கேட்டால் மட்டும் விளைவதன்று. ஓர் அரசு தன் குடிமக்களை எந்த அடிப்படையில் பணிய வைக்கிறது என்ற வினாவே இதன் அடியில் கிடக்கிறது. சட்டத்திற்கு வழிகாட்டும் ஆற்றல் என்றும் கட்டாயப்படுத்தும் ஆற்றல் என்றும் இரண்டு உண்டெனத் தூய அக்குவினாத் தோமா பிரித்துக் காட்டியதைக் குருமடத்தில் பயின்றோம். காவல்துறை இவற்றுள் எதனைத் தன் முதன்மை ஆற்றலாகக் கொள்கிறது என்பதைப் பொறுத்தே மக்கள் அதனிடம் வருவதும் அதைவிட்டு ஓடுவதும் அமைகின்றன.

இரு வேர்கள்

1829-ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்கென ஒரு காவற்படையை உள்துறை அமைச்சர் இராபர்ட் பீல் உருவாக்கினார். படைவீரரின் செந்நிறச் சட்டை தவிர்க்கப்பட்டு நீலநிறம் தெரிந்தெடுக்கப்பட்டது. கையில் துப்பாக்கி இல்லை, மரத்தடி ஒன்றே. ஒவ்வொரு காவலரின் கழுத்துப்பட்டையிலும் ஓர் எண் இருந்தது. தவறு செய்தவர் இன்னார் என்று மக்கள் அடையாளம் சொல்ல அது உதவியது. மக்களின் இசைவால் நடக்கும் காவல் என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. பீலின் பெயரால் இன்று வழங்கும் ஒன்பது நெறிகள், அவர் தம் கைப்பட எழுதியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்னும் வரலாற்றாசிரியர் தொகுத்து அமைத்த வடிவமே அது.

அந்த இசைவு ஒரே நாளில் கிடைத்துவிடவுமில்லை. 1833-இல் இலண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்னுமிடத்தில் நடந்த கூட்டத்தைக் காவலர் தடிகொண்டு கலைத்தனர். காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். இறப்பு விசாரணையில் அமர்ந்த நடுவர் குழுவினர், அப்பகுதியின் சாதாரணக் குடிமக்கள், அது நியாயப்படுத்தத்தக்க கொலையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். தொடக்கத்தில் அவ்வளவு வெறுப்பு இருந்தது. பல பத்தாண்டு நடத்தையால்தான் அது மெல்லக் குறைந்தது.

அதே காலத்தில், அதே அரசு, அயர்லாந்தில் வேறொரு படையை நடத்தியது. 1822-இல் தொடங்கி 1836-இல் ஒரே தலைமையின்கீழ்க் கொணரப்பட்ட ஐரிஷ் கான்ஸ்டபுலரி துப்பாக்கி ஏந்தியது, படைவீடுகளில் தங்கியது. சொந்த மாவட்டத்தில் எவரும் பணியமர்த்தப்படவில்லை. மக்களோடு உறவு கொண்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இலண்டன் மக்களுக்கு இசைவு. அயர்லாந்து மக்களுக்குக் கட்டாயம். ஆளப்படுவோர் யார் என்பதே வேறுபாட்டிற்குக் காரணம்.

நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவதே. 1855-இல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய்ந்த குழு தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கிட்டி போடுவதும் அண்ணாந்தாள் கட்டுவதும் வழக்கமாயிருந்ததை அது பதிவு செய்தது. வருவாய்த்துறையும் காவலும் ஒரே கையில் இருந்ததைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டமும், 1861-இல் இந்தியக் காவல் சட்டமும் வந்தன. ஆனால் கொடுமைக்கு மருந்தாக வந்த அமைப்பு அயர்லாந்துப் படையைப் பெரிதும் தழுவியது. மேலதிகாரிக்குப் பொறுப்புச் சொல்லும் படையே கிடைத்தது. மக்களுக்குப் பொறுப்புச் சொல்லும் காவல் கிடைக்கவில்லை.

வட அயர்லாந்து கற்பித்தது

அயர்லாந்து பிரிக்கப்பட்டபின் வடபகுதியில் 1922-இல் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற காவற்படை அமைந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு இடம் கத்தோலிக்கருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அது ஒருபோதும் நிரம்பவில்லை. 1998 அளவில், மக்கள் தொகையில் நாற்பது விழுக்காட்டிற்கும் மேலாக இருந்த கத்தோலிக்கர், காவலருள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரே.

இதற்குக் காரணம் ஒருபக்கமானதன்று. அந்தப் படை தம்முடையதன்று என்று கத்தோலிக்கர் கருதினர். அதில் சேர்ந்த கத்தோலிக்கரைத் துரோகி என்று குறிவைத்துக் கொல்லும் ஆயுதக் குழுவும் அவர்களிடையே இருந்தது. 1968 அக்டோபர் 5 அன்று டெரி நகரில் வாக்குரிமையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் சமநீதி கேட்டு ஊர்வலம் சென்றவர்களைக் காவலர் தடியால் அடித்து வீழ்த்தியதைத் தொலைக்காட்சி உலகிற்குக் காட்டியது. அடுத்து வந்த முப்பதாண்டு மோதலில் அப்படையினர் 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் கடமையில் நேர்மையாளர். அவர்களுடைய கைம்பெண்களின் கண்ணீரும் கண்ணீரே. இதை மறந்து பேசினால் உண்மைக்குப் புறம்பாவோம்.

இங்கு நம் சிந்தனைக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் காவற்படைக்கு மக்கள் இசைவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பான்மையினரான புரோட்டஸ்டாண்டு மக்கள் பலர் அதனைத் தங்கள் காவலராகவே ஏற்றனர், பெருமையும் கொண்டனர். ஆக, பெரும்பான்மையின் இசைவும் சிறுபான்மையின் அச்சமும் ஒரே காவற்படையில் ஒருங்கே நிலவ முடியும். இசைவு உண்டா என்று மட்டும் கேட்பது போதாது. யாருடைய இசைவு என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் காவல் எவ்வாறு சீரழிகிறது என்பதையும் அங்கே படிப்படியாகக் காணலாம். குற்றம் நிகழ்கிறது, பார்த்தவர் உண்டு, ஆனால் சாட்சி சொல்ல எவரும் வருவதில்லை. சாட்சி இல்லாத காவலர் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பத் தொடங்குகிறார். 1973 முதல் பயங்கரவாத வழக்குகள் நடுவர் குழு இல்லாமல் தனி நீதிபதி முன் நடந்தன; பல வழக்குகளில் வாக்குமூலமே முதன்மைச் சான்றாயிற்று. எனவே விசாரணை அறைக்குள் அழுத்தம் கூடிற்று. 1979-இல் வெளிவந்த பென்னட் அறிக்கை, காவலில் இருந்தோர் சிலருடைய காயங்கள் தாமே ஏற்படுத்திக் கொண்டவை அல்ல என்று மருத்துவச் சான்றின்படி சொல்லிற்று. அச்செய்தி வீதிகளில் பரவ, சாட்சி சொல்ல முன்வருவோர் இன்னும் குறைந்தனர். மறுபுறம் காவலர் தாமே குற்றவாளிகளான உளவாளிகளைச் சார்ந்து நின்றனர். நம்பிக்கைக் குறைவு கட்டாயத்தை வளர்த்தது. கட்டாயம் நம்பிக்கையை மேலும் குறைத்தது.

அப்படியானால் அப்பகுதிகளில் திருட்டு நடந்தால் மக்கள் என்ன செய்தனர்? காவலரிடம் போகாதவர் ஆயுதக் குழுவினரிடம் போயினர். அவர்கள் வழங்கிய தண்டனை, திருடியதாகச் சொல்லப்பட்ட இளைஞனின் முழங்காலைச் சுடுவது. விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. காவலர் மீது மக்கள் நம்பிக்கை இழக்கும்போது உரிமை பெருகுவதில்லை. வேறொரு வன்முறை, இன்னும் கொடிய வன்முறை, காலியான இருக்கையில் வந்து அமர்கிறது. காவல்துறையே வேண்டாம் என்று கோபத்தில் பேசுவோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாற்றம் எப்படி வந்தது

1998 புனித வெள்ளி உடன்படிக்கையின்படி, கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பேட்டன் ஒரு கத்தோலிக்கர். பிரித்தானியப் பழமைவாதக் கட்சியின் முன்னாள் அமைச்சர். அவருடைய குழுவினர் ஊர் ஊராகச் சென்று கூட்டம் நடத்தினர். காவலரால் அடிபட்டவரும், காவலரான கணவரை இழந்தவரும் ஒரே மன்றத்தில் எழுந்து பேசினர். 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஆள்சேர்ப்பு. தேர்வில் தகுதி பெற்றோரிடையே ஒரு கத்தோலிக்கருக்கு ஒரு கத்தோலிக்கரல்லாதவர் என்ற முறையில் 2001 முதல் 2011 வரை ஆள் எடுக்கப்பட்டது. இதனால் கத்தோலிக்கர் பங்கு 8 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்தது. தகுதியிருந்தும் இடம் கிடைக்காத புரோட்டஸ்டாண்டு இளைஞர்களுக்கு இது அநீதி என்று எழுந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல இயலாது. பழைய அநீதியைத் திருத்தும்போது புதிய சுமை யாரோ ஒருவர் தோளில் விழுகிறது. அதனாலேயே அது காலவரையறை உள்ள ஏற்பாடாக வைக்கப்பட்டது.

இரண்டாவது, பெயரும் சின்னமும். 2001 நவம்பரில் படையின் பெயர் வட அயர்லாந்துக் காவல் பணி என மாறிற்று. 'படை' என்ற கருத்து நீங்கிப் 'பணி' என்ற சொல் வந்தது. புதிய சின்னத்தில் முடியும் யாழும் மூவிலைக் கொழுந்தும் ஒலிவக் கிளையும் தராசும் தீப்பந்தமும் இடம்பெற்றன. பழைய பெயருக்காக உயிர்விட்டோரின் குடும்பங்களுக்கு இது ஆறாப் புண். ஆனால் ஒரு சாராரின் அரசியல் அடையாளத்தைத் தாங்கிய சட்டையைப் பார்த்து மறுசாரார் அவரை நடுநிலையாளர் என்று எப்படி நம்புவர்?

மூன்றாவது, நம் கருத்தில் தலையாயது, முறையீட்டு விசாரணை. காவலர்மீது வரும் புகாரைக் காவலரே விசாரிக்கும் வழக்கம் முடிந்தது. 2000 நவம்பரில், காவலர்க்குக் கட்டுப்படாத தனி விசாரணையாளர்களைக் கொண்ட குறைகேள் அலுவலகம் திறக்கப்பட்டது. நூலா ஓலோன் அம்மையார் அதன் முதல் தலைவரானார். 29 பேர் இறந்த 1998 ஓமா குண்டுவெடிப்பின் விசாரணையைக் காவல் தலைமை கையாண்ட முறையைக் கண்டித்து 2001 டிசம்பரில் அறிக்கை தந்தார். படைத் தலைவர் கடுஞ்சினம் கொண்டார். 2007 சனவரியில், காவலர் சிலர் தம் உளவாளிகளான கொலைகாரர்களைக் காத்த வரலாற்றை வெளியிட்டார்.

இத்தகைய அறிக்கைகள் காவல்துறையின் பெயரைக் கெடுத்திருக்குமே என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. கத்தோலிக்க ஆயர்களும் சமூக சனநாயக உழைப்பாளர் கட்சியும் 2001-இலேயே புதிய காவலில் சேருமாறு இளைஞரை ஊக்கினர். அதுவரை மறுத்துவந்த சின் ஃபெயின் கட்சியும் 2007 சனவரி இறுதியில் காவல்துறையை ஏற்பதென வாக்களித்தது. இம்முடிவுகளுக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆயினும் குற்றத்தை ஒளிக்காத நிறுவனத்தையே மக்கள் நம்பத் துணிவர் என்பதற்கு இது சான்றாகிறது. நல்ல ஒப்புரவுக்கு உண்மை அறிக்கையிடல் முதற்படி என்பதை நம் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2011 ஏப்ரலில் ஓமாவில் 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவர், தம் ஊர்தியின் அடியில் வைக்கப்பட்ட குண்டால் கொல்லப்பட்டார். கத்தோலிக்கரைக் காவலில் சேரவிடாமல் அச்சுறுத்துவதே கொன்றவர்களின் நோக்கம். ஆனால் அடக்கத் திருப்பலி நாளில், காவலரோடு நெடுங்காலம் பகைத்து நின்ற கேலிக் விளையாட்டுச் சங்கத்தினரும் காவலரும் அவருடைய பெட்டியை ஒருவர்பின் ஒருவராகத் தோளில் சுமந்தனர். புரோட்டஸ்டாண்டரான முதலமைச்சர் அத்திருப்பலியில் வந்து அமர்ந்தார். இசைவு என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாயின், அந்தத் தோள்களில் அன்று அது தெரிந்தது.

எல்லாம் நிறைவேறிவிட்டதாகவும் சொல்ல முடியாது. சிறப்பு ஆள்சேர்ப்பு நின்றபின் கத்தோலிக்கர் பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவைத் தாண்ட இயலாமல் தேங்கிற்று. 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 10,000 காவலர், பணியாளர் பெயர்கள் தவறுதலாக வெளியாகிவிட, தம் பணியை அயலாரிடம் மறைத்து வாழ்ந்தவர்கள் நடுங்கினர். நம்பிக்கை மெல்ல வளர்வது, எளிதில் முறிவது.

இசைவு என்றால் என்ன?

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். திருடன் தன்னைக் கைது செய்ய இசைவானா? காவலர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டா சட்டத்தை நடத்துவது? இசைவு என்பது அதுவன்று. தனியொரு செயலுக்கு இசைவது வேறு. அச்செயலைச் செய்யும் அதிகாரம் நேர்மையானது என்று ஏற்பது வேறு. அபராதம் கட்டுகிறவர் முகம் சுளிக்கலாம். ஆனால் தம்மிடமும் செல்வந்தரிடமும் ஒரே முறை கையாளப்பட்டது என்று கண்டால் அந்த அதிகாரத்தை மறுக்க மாட்டார்.

அமெரிக்க ஆய்வாளர் டாம் டைலர் சிக்காகோ நகர மக்களிடம் கேட்டறிந்து 1990-இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தண்டனைக்கு அஞ்சியே மக்கள் சட்டத்திற்குப் பணிகின்றனர் என்ற பொதுக் கருத்தை அது தளர்த்தியது. அதிகாரம் முறையானது என்ற மதிப்பே வலுவான காரணமாக இருந்தது. அம்மதிப்பு, தமக்குச் சாதகமான முடிவு கிடைத்ததா என்பதைவிடத் தம்மை நடத்திய முறையைப் பொறுத்திருந்தது: தாம் சொன்னதைக் கேட்டாரா, பாரபட்சமின்றி முடிவெடுத்தாரா, மரியாதையுடன் பேசினாரா. மற்றோர் அறிஞர் வெஸ்லி ஸ்கோகன் 2006-இல் கசப்பான உண்மை ஒன்றை எடுத்துக்காட்டினார். காவலருடன் ஏற்படும் தீய அனுபவம் மனத்தில் பதியும் ஆழம், நல்ல அனுபவம் பதியும் ஆழத்தைப்போல் பல மடங்கு. ஓர் அறை அழித்ததைப் பத்துப் புன்னகை மீட்பதில்லை.

நம் வாசலில்

நம் நாட்டுச் சட்டமே நம் காவலர்பற்றி என்ன எண்ணுகிறது? காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் சான்றாகாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் காத்துவருகிறது. அச்சத்தின் விளைவாகவே வாக்குமூலம் வரக்கூடும் என்று சட்டமியற்றியோர் கருதினர். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அக்கருத்தை மாற்றத் துணிவு வரவில்லை.

2020 சூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனும் காவல் நிலையம் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாள்களுக்குள் இருவரும் இறந்தனர். ஒளிப்பதிவுக் கருவியின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். கருவி இருந்தது; கேள்வி கேட்பவர் இல்லை. அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அச்சத்தின் நடுவிலும் கண்டதை நடுவரிடம் சொன்னார். காவல்துறைமீது நமக்கு எஞ்சிய மதிப்பைக் காத்தது அந்தச் சாட்சியமே.

உச்ச நீதிமன்றம் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், காவலர்மீதான புகார்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநில, மாவட்ட ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழகத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலரிடம் தந்தது. காவல்துறை எந்தத் துறையின்கீழ் இயங்குகிறதோ அதன் செயலரே அதன்மீதான முறையீட்டைக் கேட்பதாயிற்று. வட அயர்லாந்து தந்த பாடம் இங்கேதான் தேவைப்படுகிறது.

காவலரை மட்டும் குறைசொல்லி முடிப்பது நேர்மையாகாது. நீண்ட பணிநேரம், விடுப்பின்மை, மேலிருந்து வரும் அதட்டல், விரைந்து முடிவுகாட்ட வேண்டிய நெருக்கடி ஆகியவற்றுள் வாழ்பவர் அவர். தாம் மரியாதையை நுகராத ஒருவர் பிறர்க்கு அதனை வழங்குவது அரிது. அதற்கும் மேலாக, நம்மை நாமே கேட்க வேண்டியது ஒன்றுண்டு. கொடிய குற்றம் நடந்த மறுநாள், சந்தேகத்துக்கு உரியவன் 'மோதலில்' சுட்டுக் கொல்லப்பட்டான் என்ற செய்தி வந்தால் இனிப்பு வழங்குவோர் யார்? திருடனென்று பிடிபட்டவனை 'நாலு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்' என்போர் யார்? நாமும் நம் அயலாரும்தாம். பிறர்மேல் விழும் தடிக்கு நாம் தரும் கைதட்டலும் ஒருவகை இசைவே. அந்த இசைவைக் கொண்டே கட்டாயக் காவல் தன்னை நியாயப்படுத்திக் கொள்கிறது. டெரி நகரில் தடியடி நடந்த நாளிலும் அதனைச் சரியென்று ஏற்ற நல்ல குடும்பத்தினர் பலர் இருந்தனர்.

ஆகவே ஓர் ஊரின் காவல் இசைவால் நடக்கிறதா என்றறிய, ஊர்ப் பெரியவரையோ பங்குத் தந்தையையோ கேட்பது பயனற்றது. நமக்கு நிலையத்தில் நாற்காலி கிடைக்கும். அடிக்கடி நிறுத்தி விசாரிக்கப்படும் இளைஞனை, ஊர்க்கோடிக் குடியிருப்பில் வாழ்பவரை, கணவன் அடித்ததாக முறையிட வந்த பெண்ணைக் கேட்க வேண்டும். பதிவாகும் குற்ற எண்ணிக்கை குறைவதும் சான்றன்று. மக்கள் புகார் சொல்ல அஞ்சினாலும் அது குறையும். சில வேளை எண்ணிக்கை உயர்வதே நம்பிக்கையின் அடையாளம்.

மோட்டாரை இழந்த அந்த மனிதரோடு நாம் சென்றோம். நமக்கு வணக்கம் சொன்னார்கள், புகாரை எழுதிக்கொண்டார்கள், இரசீதும் கிடைத்தது. திரும்பும் வழியில் அவர் நன்றி பெருக்கோடு சொன்னார்: "நீங்க வந்ததுனால ஆச்சு சாமி." அவருக்கு அது நிறைவு. நமக்கு அதுவே உறுத்தல். அவர் தனியே சென்று, உட்காருங்கள் என்ற சொல்லைக் கேட்டு, இரசீதோடு திரும்பும் நாளில்தான் அந்த நிலையம் அவருடையதாகும்.